இறங்கிய விலை, இறங்காத கூலி, கப்பலேறிய மனிதர்கள்

சிரம்பானில் எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு மாலையில் பொருளியல் வகுப்பு எடுக்கிறேன். 2022 செப்டம்பர் இறுதியில் ஒரு நாள், பலகையில் தேவைக் கோட்டை இடப்பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, "விலை குறைந்தது, கூலி குறைந்தது, சந்தை மறுபடி சமநிலைக்கு வந்துவிட்டது" என்றேன். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"சார், எங்கப்பா செம்பனைக் குலை வெட்டுறாரு. எண்ணெய் விலை பாதியாயிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. அப்பா சம்பளம் பெரிசா ஒண்ணும் மாறலியே. அப்ப அந்தக் கோடு எங்க நகர்ந்துச்சு?"

அவள் சொன்னது உண்மைதான். அந்த ஆண்டு மார்ச்சில், உக்ரேன் போர் தொடங்கிய கையோடு, கச்சா செம்பனை எண்ணெயின் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தபோதும் விலை உச்சத்திலேயே நின்றது. செப்டம்பர் இறுதியில் அது 3,500க்குக் கீழே கிடந்தது. ஆறே மாதத்தில் பாதி. அவள் அப்பாவின் அடிப்படைச் சம்பளமோ மே 1ஆம் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் ஆனதிலிருந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பொருளியலில் இதை 'ஸ்டிக்கி' விலை, 'ஸ்டிக்கி' கூலி என்பார்கள். நகர வேண்டிய விலை நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்பது என்று பொருள். பெயர் சொல்லிவிட்டால் விளக்கம் ஆகிவிடாது. ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றால் அதற்குப் பதிலாக வேறொன்று நகர்ந்தாக வேண்டுமே, அது எது? இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அப்போது இங்கே செம்பனை பெரிய பயிர் இல்லை. லிங்கி, ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் என்று எங்கும் பால்மரக் காடு. அந்த ரப்பரின் பெரும்பகுதி அமெரிக்கக் கார்களுக்கு டயராகப் போனது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. கார் வாங்குவோர் குறைந்தார்கள், டயர் குறைந்தது, ரப்பரின் விலை விழுந்தது. சிங்கப்பூர்ச் சந்தையில் 1929இல் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை சுமார் 34 காசு. 1930இல் 19 காசு. 1931இல் 10 காசு. 1932இல் 7 காசு. மூன்றே ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. இந்த விலை யாரையும் கேட்டு இறங்கவில்லை. வாங்குகிறவர் குறைவாகக் கேட்டார், விற்கிறவர் கொடுத்தார், அடுத்த மணி நேரத்தில் விலை வேறு.

கூலி அப்படி இறங்கக்கூடியது அல்ல. இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அரசு நிர்ணயித்த 'நிலையான கூலி' என்று ஒன்று இருந்தது. அரிசி, பருப்பு, துணி, ஊருக்கு அனுப்பும் பணம் என்று ஒரு குடும்பத்தின் செலவைக் கணக்குப் போட்டு வைத்த தொகை அது. போக்குவரத்து எளிதான மாவட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. (ஒரே பால்மரத்தை வெட்ட இரண்டு கூலி ஏன் என்பதற்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.) இதைக் குறைப்பதென்றால் குடியேற்றக் குழு கூட வேண்டும். கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசின் பிரதிநிதி என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் முகம் சுளித்தால், தமிழ்நாட்டிலிருந்து ஆள் வருவதே நின்றுபோகலாம். ஆக, கூலி ஒட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் எவருடைய சோம்பலும் அல்ல. அது ஒரு பேச்சுவார்த்தையின் முடிவு. மறுபடி பேசினால்தான் மாறும்.

பேசினார்கள். 1930இல் 50 காசு 40 ஆனது, 40 காசு 32 ஆனது. ஐந்தில் ஒரு பங்கு வெட்டு. ஆனால் விலை அதற்குள் ஏறக்குறைய பாதி இறங்கிவிட்டது. அதன்பிறகு விலை 10 காசுக்கும் 7 காசுக்கும் போனபோது பல தோட்டங்களில் ஆணின் கூலி 30 காசுக்கும் கீழே போனது. விலை படபடவென்று சறுக்கியபோது கூலி படிக்கட்டில் நின்று நின்று இறங்கியது.

இதைத் துரையின் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிதாக்க நானே ஒரு தோட்டத்தை வைத்துக்கொள்கிறேன். நூறு பால்வெட்டுத் தொழிலாளர். ஒவ்வொருவரும் நாளுக்குப் பத்து ராத்தல் ரப்பர் தருகிறார்கள். ஆக ஆயிரம் ராத்தல்.

1929இல் 34 காசு விலையில் ஒரு நாள் வரவு 340 வெள்ளி. எல்லாருக்கும் 50 காசு கொடுத்தால் வெட்டுக்கூலி 50 வெள்ளி. மீதி 290 வெள்ளியில் கிராணி, தண்டல், ஆலை, புகைக்கூடம், ரயில் கட்டணம், லண்டன் பங்குதாரர் எல்லாரும் அடக்கம். 1932இல் 7 காசு விலையில் அதே ஆயிரம் ராத்தலுக்கு வரவு 70 வெள்ளி. 40 காசுக் கூலி என்றால் வெட்டுக்கூலி மட்டும் 40 வெள்ளி. 28 காசு என்றால் 28 வெள்ளி. முன்பு வரவில் ஏழில் ஒரு பங்காக இருந்த வெட்டுக்கூலி இப்போது பாதியைத் தொடுகிறது. ஆலையும் ரயிலும் கிராணியும் அப்படியே இருக்கிறார்கள்.

பாடநூல் சொல்கிறபடி கூலி உடனே விலையோடு சேர்ந்து இறங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? 34 காசுக்கு 50 என்றால், 7 காசுக்குப் பத்தே காசு. அரிசி விலையும் அப்போது இறங்கியது உண்மை. பர்மா நெல்லின் விலையும் அதே காலத்தில் சரிந்தது. ஆனால் பத்துக் காசில் ஒரு குடும்பம் சாப்பிடும் அளவுக்கு இறங்கவில்லை. பத்துக் காசுக்கு யாரும் பெரட்டில் வந்து நின்றிருக்க மாட்டார்கள். கூலிக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. அது சோற்றுத் தரை.

எனவே துரைக்குக் கையில் இருந்த ஒரே பிடி ஆள் எண்ணிக்கை. பால் குறைந்த பழைய மரங்களை விட்டுவிடுவது, களையெடுப்பை நிறுத்துவது, மீதியிருப்போருக்குக் கூடுதல் மரங்களைக் கொடுப்பது, வெட்டுநாளைக் குறைப்பது, நூறு பேரில் நாற்பது பேரை நிறுத்துவது. நிறுத்தப்பட்டவர்கள் போக வேறு தோட்டம் இல்லை, எல்லாத் தோட்டத்திலும் அதே கதை. 1930இல் உதவிப் பயணத்தில் புது ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. முதலாளிகள் செலுத்திய தீர்வையில் உருவான இந்தியக் குடியேற்ற நிதியின் செலவிலேயே லட்சத்துக்கும் மேற்பட்டோர் 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

என் மாணவியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. கூலிக்கோடு நகரவில்லை, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு சந்தையில் விலை நகராவிட்டால் அளவு நகரும் என்று நாங்கள் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான். அந்த 'அளவு' என்பது இங்கே துணிமூட்டையோடு கிள்ளான் துறைமுகத்தில் நின்ற குடும்பம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேலையில் நீடித்தவருக்குக் கூலி குறைந்தது, அரிசி விலையும் குறைந்தது. அவருடைய நட்டம் கடுமையானது, ஆனால் முழுமையானது அல்ல. வேலை போனவருக்கு எல்லாமே போனது. கூலி ஒட்டிக்கொண்டு நிற்கும்போது நட்டம் எல்லார் மேலும் சமமாகப் படிவதில்லை. சிலர் மேல் கொஞ்சமாகவும் சிலர் மேல் மொத்தமாகவும் விழுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் அதே மாநிலத்தில், தோட்ட வேலிக்கு வெளியிலேயே இருந்தது. கம்பத்தில் இரண்டு மூன்று ஏக்கர் பால்மரம் வைத்திருந்த சிறுதோட்டக்காரர்கள். அவர்களுக்குக் கூலி என்று ஒன்று கிடையாது. தாங்களே வெட்டினார்கள், விற்றது வருமானம். விலை 34இலிருந்து 7க்கு இறங்கியபோது அவர்கள் வருமானமும் அப்படியே இறங்கியது. ஆனால் அவர்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, நிறுத்த ஆளே இல்லை. தோட்டங்கள் மரத்தை ஓய்வில் விட்டபோதும் அவர்கள் தொடர்ந்து வெட்டினார்கள். பாடநூல் சொல்லும் 'நெகிழும் கூலி' உண்மையில் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவர்களைத்தான் காட்டுவேன். வேலையின்மை இல்லை, ஆனால் வறுமை உடனே முழுதாக வந்துவிடும். எது மேல் என்று தேர்வில் கேட்டால் எழுதலாம். வாழ்ந்தவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கூலியை இன்னும் வேகமாக வெட்டியிருந்தால் எல்லாருக்கும் வேலை இருந்திருக்குமே என்று சிலர் வாதிடுவார்கள். பாதி சரி. தனி ஒரு தோட்டத்துக்கு அது பொருந்தும். ஆனால் விலை விழுந்ததற்குக் காரணம் மலாயாவின் கூலி அல்ல, அமெரிக்காவில் கார் விற்காதது. லாபுவில் கூலியைப் பத்துக் காசு ஆக்கினால் டெட்ராய்ட்டில் ஒரு கார் கூடுதலாக விற்காது. எல்லாத் தோட்டமும் மலிவாகக் கூடுதல் ரப்பரைச் சந்தையில் கொட்டினால் விலை இன்னும் இறங்கத்தான் செய்யும். போதாததற்குக் கடைக்கடன் இருக்கிறது. ஐம்பது காசுக் கூலியில் வாங்கிய பத்து வெள்ளிக் கடன் இருபது நாள் உழைப்பு. கூலி 28 காசு ஆனால் அதே கடன் முப்பத்தாறு நாள் உழைப்பு. கூலி இறங்கும், கடன் புத்தகத்தில் எழுதியது இறங்காது. 1933இல் இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மந்தம் ஏன் இவ்வளவு ஆழமாகிறது என்று விளக்கியது இந்தக் கடன் சுமையை வைத்துத்தான்.

கூலி இறங்கும்போது மட்டுமல்ல, ஏறும்போதும் ஒட்டிக்கொள்ளும். 1934இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தது. ஏற்றுமதிக்கு அளவு வைத்ததும் ரப்பர் விலை 20 காசை எட்டியது. 1936இல் அதையும் தாண்டி ஏறியது. கூலி அதே வேகத்தில் திரும்பவில்லை. 1936 இறுதியில் இந்தியாவிலிருந்து ஸ்ரீநிவாச சாஸ்திரி வந்து தோட்டங்களைப் பார்த்து, 50 காசு, 40 காசு என்ற பழைய கூலியைத் திரும்பத் தர வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 1937 மார்ச்சில் சிலாங்கூரிலும் நம் நெகிரி செம்பிலானிலும் தோட்டங்களில் சீனத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டில்தான் 50 காசு திரும்பி வந்தது. விலை சந்தையில் தானாக மீண்டது. கூலி மீள ஓர் அறிக்கையும் ஒரு வேலைநிறுத்தமும் தேவைப்பட்டன. 1938இல் விலை மறுபடி சரிந்து, கூலியை வெட்டும் பேச்சு வந்ததும் இந்திய அரசு ஜூனில் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே தடை செய்துவிட்டது.

இப்போது 2022க்குத் திரும்புவோம். நிலையான கூலிக்குழு இப்போது இல்லை. ஆனால் அதன் வேலையைச் செய்கிறவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் போடும் கூட்டு ஒப்பந்தம். 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி அது மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. தோட்டங்களில் இது தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கும் 'மாப்பா'வுக்கும் இடையிலான ஒப்பந்தம். இரண்டு, 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தபட்சச் சம்பளம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். கவனியுங்கள்: சட்டமே கூலிக்கு ஒரு நாட்காட்டி மாட்டி வைத்திருக்கிறது. செம்பனை எண்ணெய்க்கு அந்த நாட்காட்டி இல்லை. தோட்ட ஒப்பந்தங்களில் பண்டத்தின் விலையோடு பிணைத்த ஊக்கத்தொகை ஒன்று நெடுங்காலமாக உண்டு. அது ஒட்டலைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் அடிப்படை அப்படியே நிற்கும்.

அந்த அடிப்படை 1,500 ரிங்கிட்டில் 2022 மே முதல் 2025 ஜனவரி வரை நின்றது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. விலை பாதியானபோது அது தொழிலாளியைக் காத்தது, இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நின்ற கூலி உண்மையில் நிற்பதில்லை. நாட்டின் பணவீக்கம் 2023இல் 2.5 விழுக்காடு, 2024இல் 1.8 விழுக்காடு. இந்த இரண்டு ஆண்டைச் சேர்த்துப் பார்த்தால் 2024 முடிவில் 1,500 ரிங்கிட்டால் வாங்க முடிந்தது, 2022 விலையில் சுமார் 1,440 ரிங்கிட்டுக்கு வாங்கக்கூடியதுதான். யாரும் சம்பளத்தை வெட்டவில்லை, யாரும் கூட்டம் போடவில்லை, அறுபது ரிங்கிட் கரைந்துவிட்டது. கூலியைக் காகிதத்தில் குறைக்க முடியாத முதலாளிகளுக்குக் கொஞ்சம் பணவீக்கம் வசதியானது என்று பொருளியலாளர் சொல்வது இதனால்தான்.

2022இன் முதல் பாதியில் நடந்தது இன்னும் விசித்திரம். விலை உச்சத்தில் இருந்தது, ஆனால் பழம் மரத்திலேயே அழுகியது. கோவிட் காலத்தில் எல்லை மூடியதால் வெளிநாட்டுத் தொழிலாளர் வரவில்லை, குலை வெட்ட ஆள் இல்லை. கோட்டு வரைபடத்தின்படி ஆள் பற்றாக்குறை என்றால் கூலி ஏற வேண்டும், ஏறினால் உள்ளூர் ஆள் வருவார்கள். கொஞ்சம் ஏறியது. ஆனால் உச்ச விலை எத்தனை மாதம் நிற்கும் என்று தெரியாத நிறுவனம், ஒருமுறை ஏற்றினால் இறக்க முடியாத கூலியை அந்த விலைக்கு ஏற்றபடி ஏற்றத் துணியாது. இறக்க முடியாது என்பதாலேயே ஏற்றுவதும் தயங்கும். மறுபடியும் விலைக்குப் பதில் அளவு நகர்ந்தது. இந்த முறை நகர்ந்தது வெட்டப்படாத குலை.

அதே காலத்தில் பகாவ் பக்கத்துப் பாலோங், செர்திங் பெல்டா குடியேற்றக்காரர்களுக்கு வருமானம் பழத்தின் விலையோடு ஏறி, விலையோடு இறங்கியது. 1932இன் கம்பத்துச் சிறுதோட்டக்காரரும் தோட்டத் தொழிலாளியும் இன்றும் அடுத்தடுத்துதான் வாழ்கிறார்கள்.

முதலாளியால் சட்டப்படி குறைக்க முடிகிற இடத்திலும், குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்கும் சம்பளத்தில்கூட, ஏன் அவர் கை வைப்பதில்லை? ட்ரூமன் பியூலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களின் தொடக்கத்து மந்தத்தில் நிறுவன அதிகாரிகள் நூற்றுக்கணக்கானோரைச் சந்தித்து இதை நேரடியாகவே கேட்டார். பெரும்பாலோர் சொன்னது ஒன்றே: சம்பளத்தை வெட்டினால் எல்லார் மனமும் கெடும், அவர்கள் நாளையும் இங்கேதான் வேலை செய்வார்கள். ஆளை நிறுத்தினால் மனம் கெட்டவர் வாசலுக்கு வெளியே போய்விடுவார். கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் ஒரு தண்டலிடம் கேட்டாலும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்.

கடை விலைக்கும் இந்தக் குணம் உண்டு. நம் சமையலறையிலேயே இரண்டு வகை இருக்கின்றன. ஒரு கிலோ உதவித்தொகை எண்ணெய்ப் பாக்கெட் 2.50 ரிங்கிட். செம்பனை 7,000 என்றாலும் 3,500 என்றாலும் அதே 2.50. இது அரசு ஒட்டிவைத்த விலை. விலை ஏறாததால் பாக்கெட் கடையிலிருந்து காணாமல் போகும், இங்கேயும் அளவுதான் நகர்கிறது. இன்னொன்று ரொட்டி சானாய். எண்ணெயும் மாவும் ஏறியபோது நான் வழக்கமாகப் போகும் கடையில் பலகையின் மேல் புது எண்ணை ஒட்டினார்கள். எண்ணெய் இறங்கிய பிறகு அந்த ஒட்டு உரியவில்லை. கேட்டேன். "குறைச்சா மறுபடி ஏத்துறப்போ சண்டைக்கு வருவீங்கண்ணே" என்றார் கடைக்காரர். தவிர, அவருடைய பையனுக்குக் கொடுக்கும் சம்பளமும் வாடகையும் இறங்கவில்லை. ஒருவருடைய ஒட்டிய விலை இன்னொருவருடைய ஒட்டிய செலவு. எல்லாரும் அடுத்தவர் முதலில் இறங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். பொருளாதாரம் ஓர் அதிர்ச்சிக்குப் பின் சரியாக ஒன்றிரண்டு ஆண்டு ஆவதற்கு இந்தக் காத்திருப்பே பெரும் காரணம்.

அடுத்த வாரம் அந்த மாணவியிடம் பலகையைக் கொடுத்து வரையச் சொன்னேன். விலையைப் பல்வரிசைபோல் ஏற்ற இறக்கமாகப் போட்டாள். கூலியைப் படிக்கட்டாகப் போட்டாள். இரண்டுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியைச் சாய்கோடு போட்டு நிரப்பி, அதில் மூன்று சொற்களை எழுதினாள்: நிறுவன லாபம், ஓவர்டைம், ஆள். செம்பனை விலை அடுத்த முறை விழும்போது செய்தித்தாளில் சம்பள அறிவிப்பைத் தேடிப் பயனில்லை, அது நாட்காட்டிப்படிதான் வரும். அதற்கு முன்னால் நகர்கிறவை அந்த மூன்றும்தான். லாபம் காலாண்டு அறிக்கையில் தெரியும். ஓவர்டைம் அப்பா வீட்டுக்கு வரும் நேரத்தில் தெரியும். ஆள் எண்ணிக்கை, காலைப் பெரட்டில்.